1,300 தொன் சீனிக்கு எத்தனை லொட்? ஹெஜ் விகிதக் கணக்கு ஆரம்பத்திலிருந்து

கொழும்பில் ஒரு பிஸ்கட் கொம்பனி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஓகஸ்ட் முடிவு. செப்டெம்பர் கடைசியில் அவர்கள் 1,300 தொன் வெள்ளைச் சீனி வாங்க வேண்டும். கொள்கலன் ஒன்றுக்கு 26 தொன் வீதம் 50 கொள்கலன்கள். விலை இன்னும் பேசி முடிக்கப்படவில்லை. விற்பவர் தருவது கொழும்புத் துறைமுகம் வரைக்குமான கப்பல் கூலியையும் சேர்த்த டொலர் விலை; இன்றைக்கு அது தொன்னுக்கு 560 டொலர். அடுத்த ஒரு மாதத்தில் அது ஏறினால் பிஸ்கட்டின் அடக்கவிலையும் ஏறும். கடைகளுக்குக் கொடுத்த விலையையோ உடனே மாற்ற முடியாது.

பின்னொரு திகதியில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை குறிக்கும் ஒப்பந்தங்களைப் பியூச்சர்ஸ் என்பார்கள். கொழும்பில் சீனிக்குப் பியூச்சர்ஸ் சந்தை கிடையாது. லண்டனில் ஐ.சி.இ. சந்தையின் 5ஆம் இலக்க வெள்ளைச் சீனி ஒப்பந்தம் இருக்கிறது. அதில் ஒரு லொட் என்பது 50 தொன். விலை டொலரில், ஒரு தொன்னுக்கு. ஆகவே விலை ஒரு டொலர் அசைந்தால் ஒரு லொட்டில் 50 டொலர் கூடும் அல்லது குறையும். இன்று லொட்களை வாங்கி வைத்து, சீனியின் விலையைப் பேசி முடிக்கும் நாளில் அவற்றை விற்றுவிடலாம். இடையில் சீனி விலை ஏறியிருந்தால் லண்டனில் கிடைக்கும் இலாபம் அந்த ஏற்றத்தை ஈடுசெய்யும். ஹெஜ் என்று சொல்வது இதைத்தான்.

எத்தனை லொட் வாங்குவது? முதலில் மனதில் வருகிற விடை 1,300ஐ 50ஆல் பிரித்து 26. தொன்னுக்குத் தொன் சரியாகப் பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால் நமக்குப் பொருந்த வேண்டியது தொன் அல்ல, டொலர். லண்டன் விலை 10 டொலர் ஏறும்போது கொழும்புக்குச் சொல்லப்படும் விலையும் சரியாக 10 டொலர் ஏறினால்தான் 26 சரி. நடைமுறையில் அப்படி ஏறுவதில்லை. விற்பவர்கள் விலைப்பட்டியலை நாளுக்கு நாள் மாற்றுவதில்லை. நமக்கு வரும் சீனி எந்த நாட்டிலிருந்து வருகிறதோ அந்த நாட்டின் கையிருப்பும் ஏற்றுமதி விதிகளும் தனியாக அதன் விலையை இழுக்கும். கப்பல் கூலி தன் பாட்டுக்கு ஏறி இறங்கும். இதனால் லண்டன் அசைவில் ஒரு பங்குதான் கொழும்பு விலைக்கு வந்து சேரும். அதோடு லண்டனுக்குச் சம்பந்தமில்லாத அசைவுகளும் கலந்திருக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் ஹெஜ் விகிதக் கணக்கு.

கணக்கைத் தொடங்க இரண்டு வரிசை எண்கள் போதும். கீழே இருப்பவை விளக்கத்துக்காக நான் அமைத்தவை, சந்தையில் பதிவான விலைகள் அல்ல. முதல் நிரலில் கொழும்பு விலை ஒவ்வொரு மாதமும் எத்தனை டொலர் மாறியது என்பதும், அடுத்ததில் அதே மாதத்தில் லண்டன் பியூச்சர்ஸ் எத்தனை டொலர் மாறியது என்பதும் இருக்கின்றன.

| மாதம் | கொழும்பு விலை மாற்றம் (ΔS) | லண்டன் மாற்றம் (ΔF) |
|---|---|---|
| 1 | +8 | +20 |
| 2 | −18 | −15 |
| 3 | +16 | +10 |
| 4 | −11 | −25 |
| 5 | +24 | +30 |
| 6 | −2 | −10 |
| 7 | −2 | +5 |
| 8 | −15 | −15 |

கையால் போட்டுப் பார்க்க வசதியாக இரண்டு நிரல்களின் கூட்டுத்தொகையும் பூச்சியமாக வரும்படி அமைத்திருக்கிறேன். அதனால் சராசரியைக் கழிக்கும் வேலை இல்லை.

ஹெஜ் எதுவும் இல்லையென்றால் நம்மைத் தாக்குவது முதல் நிரல் முழுவதும். அதிலுள்ள எண்களை வர்க்கித்துக் கூட்டினால் 1,574. அதை மாத எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 7ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் நியம விலகல் கிட்டத்தட்ட 15 டொலர். சாதாரணமான ஒரு மாதத்தில் தொன்னுக்கு 15 டொலர் அளவுக்கு விலை இப்படியோ அப்படியோ போகும் என்பது இதன் பொருள். 1,300 தொன்னுக்கு அது 19,500 டொலர்.

இனி ஒவ்வொரு தொன் சீனிக்கும் h தொன் அளவுக்குப் பியூச்சர்ஸ் வாங்குகிறோம் என்று கொள்வோம். மாத முடிவில் நம் கையில் மிஞ்சும் அசைவு ΔS − hΔF. h எவ்வளவாக இருந்தால் இந்த மிச்ச அசைவு மிகச் சிறியதாகும்? சூத்திரத்துக்குப் போவதற்கு முன்னால் சில பெறுமானங்களைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

h = 0, அதாவது ஹெஜ் இல்லை: வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1,574. h = 0.5 என்றால் 404ஆக இறங்குகிறது. 0.7இல் 300. ஆனால் h = 1 என்று வைத்தால், அதாவது தொன்னுக்குத் தொன் வாங்கினால், 534ஆக மீண்டும் ஏறிவிடுகிறது. 1.4 வரை போனால் திரும்பவும் 1,574. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். 1.4 என்பது 36 லொட்களுக்குச் சற்றுக் கூட. அவ்வளவு வாங்கியவரும் ஒரு லொட்டும் வாங்காதவரும் ஒரே அளவு ஆபத்தில்தான் நிற்கிறார்கள். முன்னவரின் ஆபத்து கொழும்புச் சீனியிலிருந்து லண்டன் சீனிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேலும் வாங்கினால் அது பாதுகாப்பே அல்ல, சீனி ஏறும் என்று கட்டும் பந்தயம்.

மிகத் தாழ்ந்த புள்ளி 0.7இல் இருக்கிறது. அதைத் தேடித் திரியாமல் நேரே கண்டுபிடிக்கும் வழி இதுதான்: இரண்டு நிரல்களிலும் அந்தந்த மாத எண்களைப் பெருக்கிக் கூட்டினால் 1,820 வரும். லண்டன் நிரலை மட்டும் வர்க்கித்துக் கூட்டினால் 2,600. முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் 0.7. பாடப்புத்தகங்களில் இதே விடை வேறு வடிவில் இருக்கும்:

```
h* = ρ × σS / σF
```

σS கொழும்பு விலை மாற்றத்தின் நியம விலகல், நம் எண்களில் 15. σF லண்டனுடையது, 19.27. ρ இரண்டுக்கும் இடையிலுள்ள இணைபுக் குணகம், ஏறக்குறைய 0.90. 0.90ஐ 15ஆல் பெருக்கி 19.27ஆல் பிரித்தால் மறுபடி 0.7. உயர்தரத்தில் புள்ளிவிபரவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ΔSஐ ΔFமீது பிற்செலவு செய்தால் கிடைக்கும் கோட்டின் சரிவு இது. மாறற்றிறனை இழிவாக்கும் விகிதம் என்ற பெயரும் அந்த மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து வந்ததுதான்.

கணினியில் இது இரண்டு வரி. கொழும்பு மாற்றங்கள் B நிரலிலும் லண்டன் மாற்றங்கள் C நிரலிலும் இருந்தால்:

```
=SLOPE(B2:B9,C2:C9)
=RSQ(B2:B9,C2:C9)
```

முதலாவது 0.7 தரும், இரண்டாவது 0.81. SLOPE-இல் நிரல்களின் ஒழுங்கு முக்கியம். கொழும்பு முதலில், லண்டன் பிறகு. மாற்றிப் போட்டாலும் கணினி எந்த எச்சரிக்கையும் தராது, 1.16 என்று ஒரு விடையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அதை நம்பினால் 30 லொட் வாங்கிவிடுவீர்கள். σS, σF இரண்டையும் தனியாகக் கணக்கிட்டு வைத்திருந்தால் இந்தப் பிழை உடனே பிடிபடும். ρ எப்போதும் 1ஐத் தாண்டாது என்பதால் h* ஒருபோதும் σS / σF என்பதைத் தாண்ட முடியாது. இங்கே அந்த எல்லை 15 / 19.27, அதாவது 0.78. 1.16 அதற்கு மேலே நிற்கிறது.

இனி லொட் எண்ணிக்கை:

```
N* = h* × 1300 / 50 = 0.7 × 26 = 18.2
```

பதினெட்டு லொட். ஐந்தில் ஒரு லொட்டை விற்க ஆள் இல்லை, முழு எண்ணாகத்தான் வாங்க முடியும். 18ஆ 19ஆ என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. மேலே பார்த்த கூட்டுத்தொகைகள் ஒரு தட்டையான பள்ளத்தைப் போல. அடிப்பகுதியில் கொஞ்சம் இப்படி அப்படி நகர்ந்தாலும் உயரம் அதிகம் மாறாது. 22 லொட் வாங்கினால்கூட மிச்ச நியம விலகல் தொன்னுக்கு 6.55 டொலரிலிருந்து 7.13 டொலருக்குத்தான் போகிறது. 26 வாங்கினால் 8.73. ஓரத்துக்குப் போகப் போகத்தான் பள்ளம் செங்குத்தாகிறது. ஆகவே தசமத்தில் நேரத்தைச் செலவிடுவதைவிட, h*ஐத் தந்த தரவு சரிதானா என்று பார்ப்பதில் செலவிடுவது மேல்.

18 லொட் வாங்கிய பிறகு என்ன நடக்கும்? அட்டவணையின் ஐந்தாம் மாதத்தைப் போன்ற ஒரு செப்டெம்பர் வந்தது என்று எடுத்துக்கொள்வோம். லண்டன் 30 டொலர் ஏறுகிறது, கொழும்பு விலை 24 டொலர். சீனிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 24 × 1,300, அதாவது 31,200 டொலர். லண்டனில் கிடைப்பது 30 × 50 × 18, அதாவது 27,000 டொலர். கையிலிருந்து போவது 4,200 டொலர் மட்டுமே. எல்லோருக்கும் சந்தோஷம்.

நான்காம் மாதத்தைப் போல வந்தால்? லண்டன் 25 டொலர் இறங்குகிறது, கொழும்பு 11 டொலர்தான் இறங்குகிறது. சீனியில் மிச்சம் 14,300 டொலர். லண்டனில் நட்டம் 25 × 50 × 18, அதாவது 22,500 டொலர். முடிவில் 8,200 டொலர் கையைக் கடிக்கிறது. ஹெஜ் செய்யாமல் இருந்திருந்தால் 14,300 டொலர் இலாபம் என்று முதலாளி சொல்வார். அவர் சொல்வதில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் விலை எந்தப் பக்கம் போகும் என்று ஓகஸ்டில் எவருக்கும் தெரியாது. மாதத்துக்கு மாதம் 19,500 டொலர் அளவுக்கு ஆடக்கூடிய செலவை 8,500 டொலர் அளவுக்கு அடக்குவதுதான் ஓகஸ்டில் எடுத்த தீர்மானம். அதே மாதத்தில் 26 லொட் வைத்திருந்தவரின் நிலையையும் பாருங்கள். லண்டன் நட்டம் 32,500, சீனி மிச்சம் அதே 14,300. போனது 18,200 டொலர். தொன்னுக்குத் தொன் வாங்கினால் பாதுகாப்பு முழுமையாகும் என்ற நினைப்பின் விலை அது.

இங்கே RSQ தந்த 0.81ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெஜ்ஜின் வினைத்திறன் என்று இதை அழைப்பார்கள். 81 வீதமான ஆபத்து போய்விட்டது என்று அறிக்கைகளில் எழுதுவதையும் பார்க்கலாம். போனது மாறற்றிறனில் 81 வீதம். மாறற்றிறன் டொலரின் வர்க்கத்தில் அளக்கப்படுவது. கல்லாப்பெட்டியில் வர்க்க டொலர் இல்லை. டொலரில் பார்த்தால் 15 என்பது 6.55ஆகியிருக்கிறது, 56 வீதம்தான் குறைந்திருக்கிறது. RSQ 0.5 என்று வந்தால், சிறந்த ஹெஜ்கூட நியம விலகலில் 30 வீதத்துக்கும் குறைவாகத்தான் நீக்கும். அந்த நிலையில் தரகுக் கட்டணமும், மார்ஜின் என்று தரகரிடம் கட்டி வைக்கும் பிணைப் பணத்தின் வட்டியும் கொடுத்து இந்த வேலையில் இறங்கலாமா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி.

மார்ஜின் விடயத்தைக் கொழும்பில் இருப்பவர்கள் சற்று நின்று பார்க்க வேண்டும். பியூச்சர்ஸ் நட்டம் ஒவ்வொரு நாளும் ரொக்கமாகக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. மேலே சொன்ன 22,500 டொலர் செப்டெம்பர் முழுவதும் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கும்; சீனியில் கிடைக்கும் மிச்சமோ மாதக் கடைசியில்தான் தெரியும், அதுவும் குறைவாகக் கட்டும் பணமாக. இடையில் டொலரை நேரத்துக்கு அனுப்ப முடியாவிட்டால் தரகர் லொட்களை விற்றுவிடுவார், ஹெஜ் பாதியில் நின்றுவிடும். அதனால் லொட் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போதே, விலை எதிர்ப்பக்கம் 40 அல்லது 50 டொலர் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதி வங்கியுடன் பேசி முடித்திருக்க வேண்டும். 18 லொட்டுக்கு 50 டொலர் இறக்கம் என்றால் 45,000 டொலர்.

ஹெஜிங் என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே பலருக்கு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நினைவுக்கு வரும். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலரைத் தொட்ட மசகு எண்ணெய் அந்த ஆண்டு முடிவதற்குள் 40 டொலருக்குக் கீழே விழுந்தது. வங்கிகளுடன் செய்திருந்த ஒப்பந்தங்களால் கூட்டுத்தாபனத்துக்குப் பெரும் நட்டம் வந்தது. வழக்குகள் கொழும்பிலும் லண்டனிலும் நடந்தன. அவை நாம் இங்கே பேசும் பியூச்சர்ஸ் அல்ல, வங்கிகளோடு நேரடியாகச் செய்துகொண்ட வேறு வகை ஒப்பந்தங்கள். பியூச்சர்ஸில் ஒரு டொலர் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே 50 டொலர்தான். மேலே செய்த கணக்கு முழுவதும் இந்தச் சமச்சீரில்தான் நிற்கிறது. ஏறும்போது ஒரு அளவும் இறங்கும்போது வேறொரு அளவும் கைமாறும் ஒப்பந்தத்துக்கு h* என்ற ஒற்றை எண்ணைப் பொருத்த முடியாது.

அடுத்து, தரவு. பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது.

எந்த விலையைக் கொழும்பு விலை என்று எடுப்பது என்பதிலேயே தொடங்குகிறது. கையில் சுலபமாகக் கிடைப்பது புறக்கோட்டை மொத்த விலை, கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று. ஆனால் அதற்குள் டொலரின் ரூபாய் மதிப்பும் வரியும் கலந்திருக்கின்றன. 2023 நவெம்பர் தொடக்கத்தில் சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட வரி கிலோவுக்கு 25 சதத்திலிருந்து 50 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. தொன்னுக்கு அது ஏறத்தாழ 50,000 ரூபாய். லண்டனில் ஒரு சதம் அசையாவிட்டாலும் அந்த வாரம் புறக்கோட்டை விலை துள்ளும். அந்த ஒரு வாரம் தரவுக்குள் இருந்தால் σS ஊதிப் பெருக்கும், ρ சுருங்கும், h* எதைச் சொல்கிறது என்றே தெரியாமல் போகும். வரி ஆபத்தை லண்டனில் வாங்கும் எந்த லொட்டும் நீக்காது. டொலர் ஆபத்துக்கு வங்கியில் வேறு வழி இருக்கிறது. அதனால் நமது கொம்பனியைப் போன்றவர்கள் துறைமுகம் வரைக்குமான டொலர் விலையையே எடுப்பது சரி. அவர்கள் விலை பேசுவதும் அதில்தான்.

இரண்டாவது, விலையை எடுக்கக் கூடாது, விலை மாற்றத்தை எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் சேர்ந்து ஏறிய எந்த இரண்டு பொருட்களின் விலைகளையும் நேரடியாக ஒப்பிட்டால் இணைபு 0.95 என்று அழகாக வரும். சிமெந்தையும் சீனியையும் வைத்தால்கூட வரலாம். அடுத்த மாதம் ஒன்று அசையும்போது மற்றது அசையுமா என்பதற்கு அந்த எண் பதில் சொல்வதில்லை.

மூன்றாவது, ஒப்பந்த மாதங்கள். லண்டன் வெள்ளைச் சீனிக்கு மார்ச், மே, ஓகஸ்ட், ஒக்டோபர், டிசெம்பர் என்று ஐந்து மாதங்கள். ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் விலை 15, 20 டொலர் குதிப்பது சாதாரணம். இணையத்தில் கிடைக்கும் தொடர்ச்சியான வரிசைகள் பலவற்றில் அந்தக் குதிப்பும் விலை மாற்றமாகப் பதிவாகியிருக்கும். எவருக்கும் அந்த இலாபமோ நட்டமோ உண்மையில் வரவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு திகதிகளுக்கு இடையில் கணக்கிட வேண்டும்.

எந்த மாதத்தை வாங்குவது என்பதும் இதோடு சேர்ந்தது. செப்டெம்பர் கடைசியில் வாங்கப் போகிறோம் என்பதால் ஒக்டோபர் ஒப்பந்தம் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் இந்த ஒப்பந்தத்தில் வணிகம் விநியோக மாதத்தின் முதல் நாளுக்கு 16 நாட்களுக்கு முன்பே நின்றுவிடும். ஒக்டோபர் என்றால் செப்டெம்பர் நடுப்பகுதி. நமக்குப் பாதுகாப்புத் தேவைப்படும் கடைசி இரண்டு வாரமும் ஒப்பந்தமே இருக்காது. டிசெம்பரைத்தான் எடுக்க வேண்டும், h*ஐயும் அதே தூரத்திலுள்ள ஒப்பந்தத்தின் மாற்றங்களிலிருந்து கணக்கிட வேண்டும்.

நான்காவது கால இடைவெளி. நான் மாத மாற்றங்களை எடுத்ததற்குக் காரணம், நமது காத்திருப்பு ஒரு மாதம் என்பதுதான். நாளாந்த மாற்றங்களை எடுத்தால் தரவு ஏராளமாகக் கிடைக்கும், ஆனால் h* தாழ்வாக வரும். லண்டன் இன்று அசைந்ததை நமது விற்பனையாளர் அடுத்த வாரப் பட்டியலில்தான் காட்டுவார். நாள் கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல் தெரியும். இடைவெளி நீள நீள அந்தப் பிந்துதல் கரைந்து h* ஏறும். மூன்று மாதம் காத்திருக்கப் போகிறவர் நாளாந்தத் தரவில் கிடைத்த 0.4ஐ வைத்து லொட் வாங்கினால் தேவையில் பாதிதான் வாங்கியிருப்பார்.

மறுபக்கத்தில், மாத மாற்றங்கள் எட்டு மட்டும் என்பது மிகக் குறைவு. நம் எண்களிலேயே 0.7இன் நியம வழு 0.14. 95 வீத நம்பிக்கை இடைவெளி போட்டால் உண்மையான விகிதம் 0.36க்கும் 1.04க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். லொட்டில் சொன்னால் 9க்கும் 27க்கும் இடையில். உதாரணத்துக்கு எட்டு போதும், வியாபாரத்துக்குப் போதாது. இரண்டு, மூன்று ஆண்டுகளின் இரு வார மாற்றங்கள் ஒரு நல்ல சமரசம். பிறகு அந்தத் தரவை இரண்டாக வெட்டி, முதல் பாதியில் கிடைத்த h*ஐ இரண்டாம் பாதியில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் மிச்ச அசைவு கணிசமாகக் குறைந்தால் நம்பலாம். இரண்டு பாதிகளிலும் h* மிகவும் வேறுபட்டால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. 2022 ஜூனிலிருந்து இந்தியா சீனி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது அப்படியொரு மாற்றம். இந்தியச் சீனி வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் வேறு நாட்டுக்கு மாறியிருந்தால், அவரது பழைய தரவு இப்போது வாங்கும் சீனியைப் பற்றியதே அல்ல.

சிலர் டொலர் மாற்றத்துக்குப் பதிலாக வீத மாற்றங்களில் சரிவைக் கணக்கிடுவார்கள். அதில் தவறில்லை, விலைகள் பல ஆண்டுகளில் வெகுவாக மாறியிருந்தால் அதுவே மேல். ஆனால் அப்போது சூத்திரமும் மாறும்: தொன்களைத் தொன்களால் பிரிக்காமல் பெறுமதியைப் பெறுமதியால் பிரிக்க வேண்டும். நமது சீனியின் பெறுமதி 1,300 × 560, அதாவது 728,000 டொலர். லண்டன் விலை 500 என்றால் ஒரு லொட்டின் பெறுமதி 25,000 டொலர். பிரித்தால் 29.12. வீத மாற்றங்களில் சரிவு ஏறத்தாழ 0.625 என்று வரும், ஏனென்றால் 0.7ஐ 500/560ஆல் பெருக்கினால் அதுதான். 29.12 × 0.625 = 18.2, பழைய விடையேதான். 0.625ஐ எடுத்து 26ஆல் பெருக்குபவர் 16 என்று வருவார். டொலர் சரிவுக்குத் தொன், வீதச் சரிவுக்குப் பெறுமதி. இரண்டையும் கலக்கக் கூடாது.

கடைசியாக, லொட்களை விற்கும் நேரம். 1,300 தொன்னின் விலையையும் ஒரே நாளில் பேசி முடிப்பது அபூர்வம். 26ஆம் திகதி 650 தொன்னுக்கு விலை முடிவானால் அன்றைக்கே 9 லொட்களை விற்றுவிட வேண்டும். மிச்சமுள்ள 650 தொன்னுக்கு மற்ற 9 லொட். விலை முடிவான சீனிக்கு இனி ஆபத்து இல்லை; அதற்கென வாங்கிய லொட்களை இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று வைத்திருந்தால் மீதித் தொன்களுக்கு விகிதம் 0.7இலிருந்து 1.4ஆகிவிடும். ஹெஜ் இல்லாமல் இருப்பதற்குச் சமமான ஆபத்து என்று மேலே பார்த்த அதே 1.4.